இன்டர்ன்ஷிப் பதிவுக்குச் சரியான பதில் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் முறை

கோவையில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று மாணவர்களை எங்கள் பிரிவிலேயே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் லிங்க்ட்இன்னிலும் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பிள்ளைகளின் பதிவுகள் வரிசை கட்டி நிற்கும். பெயரை மட்டும் மாற்றினால் எல்லாம் ஒரே பதிவுதான். போன வருடம் ஒரு தம்பி அனுப்பியது இது. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தான், இங்கே தமிழில் தருகிறேன். குறை மொழியில் இல்லை.

> அனைவருக்கும் வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு பி.இ. மெக்கானிக்கல் படிக்கும் மாணவன். புகழ்பெற்ற கோர் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் வாய்ப்பைத் தேடுகிறேன். எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்வேன். உடனே சேரத் தயார். வாய்ப்பு இருந்தால் டிஎம் செய்யவும். உங்கள் ஒரு லைக் என் வாழ்க்கையை மாற்றலாம்.

இந்தப் பதிவு எங்கே பழுதாகிறது என்பதை உங்களுக்கு வரும் பதிலை வைத்தே கண்டுபிடிக்கலாம். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 1: லைக் வருகிறது, ஆள் வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது, தொடக்க வரி. நண்பனின் போனை வாங்கி உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். லிங்க்ட்இன் முதல் சில வரிகளைக் காட்டிவிட்டு மிச்சத்தை `…more` என்பதற்குப் பின்னால் மடித்துவிடும். அந்த மடிப்புக்கு மேலே என்ன இருக்கிறது? மேலே உள்ள பதிவில் வணக்கமும் 'மாணவன்' என்ற தகவலும்தான் இருக்கின்றன. டீ குடிக்கும் நேரத்தில் போனைத் தள்ளிக்கொண்டே போகும் ஒரு பிரிவுத் தலைவர் அதோடு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார். என்ன வேலை, எந்த ஊர், எந்தத் தேதி ஆகிய மூன்றும் மடிப்புக்கு மேலே வரவேண்டும். வணக்கத்தை எடுத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, பிரிவு. 'எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி' என்பது பணிவாகத் தெரியும். தொழிற்சாலைக்குள் அதற்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. சின்ன கம்பெனியில்கூட டிசைன் ஒருவரிடம், புரொடக்‌ஷன் இன்னொருவரிடம், குவாலிட்டி என்னைப் போன்ற ஒருவரிடம், மெயின்டனன்ஸ் வேறொருவரிடம் இருக்கும். மாணவனை எடுப்பதென்றால் அவரவர் தன் பிரிவுக்குத்தான் எடுப்பார். 'எதுவும் சரி' என்று படித்ததும், இது எனக்கில்லை, எச்ஆர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் கடந்துபோவார்கள். எச்ஆர் ஒவ்வொரு பிரிவிடமும் கேட்பார், எந்தப் பிரிவிலும் யாரும் ஆள் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

அந்தத் தம்பியை போனில் பிடித்தபோது பேச்சு இப்படிப் போனது.

"கோர்னு போட்டிருக்கியே தம்பி, கோர்ல எது?"

"எதுனாலும் ஓகேதான்ணா. உள்ள போனா போதும்."

"சரி, லேப்ல எந்த லேபுக்கு நேரத்துக்குப் போவ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "மெட்ராலஜி லேப்ணா. அளக்கிறது பிடிக்கும். ரெக்கார்டு நோட்டுல ரீடிங் எல்லாம் நானே எடுத்ததுதான்" என்றான்.

அதுதான் அவன் பிரிவு. மெஷினிங் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன். உங்கள் பிரிவு எது என்று உடனே சொல்ல முடியாவிட்டால் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட் லேபில் மாடல் போட்டு டிராயிங் எடுப்பதில் நேரம் போவது தெரியவில்லையா, டிசைன். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் லேத்தை விட்டு நகரவில்லையா, புரொடக்‌ஷன் அல்லது டூல் ரூம். இரண்டு பிரிவில் ஆசை இருந்தால் இரண்டு பதிவாகப் போடுங்கள், நடுவில் ஒரு வாரம் விட்டு.

இரண்டும் சரியாக இருந்தும் ஆள் வரவில்லை என்றால், பதிவு போய்ச் சேரும் இடம் தவறு. உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாரும் உங்கள் வகுப்புப் பையன்கள்தான் இருப்பார்கள். அவர்களும் இதையேதான் தேடுகிறார்கள். இதற்கு ஒரு மாலை நேரம் செலவாகும். உங்கள் துறையில் மூன்று, நான்கு வருடம் முன்னால் முடித்தவர்களில் அந்தப் பிரிவில் வேலை பார்ப்பவர்களைத் தேடி, பதிவின் இணைப்போடு தனித்தனியாக எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே செய்தியை ஃபார்வர்ட் செய்தால் அது வாசனையிலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி 2: "என்ன தெரியும்?" என்று கேட்கிறார்கள், பதில் சொன்னதும் காணாமல் போகிறார்கள்

எளிய காரணம், திறமை என்று எழுதியது திறமையே இல்லை. கடின உழைப்பு, விரைவில் கற்றல், குழுவாகப் பணியாற்றுதல் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பொய் என்று சொல்லவில்லை, சோதித்துப் பார்க்க வழியில்லை. அதற்குப் பதில் ஒரு கருவியின் பெயரும், அதை வைத்து நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையும் வேண்டும். 'ஆட்டோகேட் தெரியும்' என்பது அரைகுறை. 'பம்பு ஷாஃப்ட் ஒன்றை அளந்து ஆட்டோகேடில் அளவுகளுடன் டிராயிங் எடுத்தேன்' என்றால், எங்கே உங்களை உட்கார வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம், தெரியாததைப் பட்டியலில் சேர்த்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதிகம் பேர் விழும் பள்ளம் இது. நம் தம்பியின் ரெஸ்யூமேயில் 'டாலரன்ஸ், சிஎம்எம், ஆறு சிக்மா' என்று வரிசையாக இருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: டிராயிங்கில் ஒரு துளைக்கு 25 H7 என்று போட்டிருந்தால் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை ஓகே சொல்வாய்?

அவனுக்கு H7 என்பது ஒரு டாலரன்ஸ் குறியீடு என்று தெரியும், எண் தெரியவில்லை. விடை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை. எண்ணை மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அட்டவணை சுவரிலேயே தொங்கும். கேள்வியின் அடுத்த பாதிதான் முக்கியம்: அந்தத் துளையை எதை வைத்து அளப்பாய்? "வெர்னியர்ணா" என்றான். டிஜிட்டல் வெர்னியர் திரையில் 0.01 வரை காட்டும்தான். ஆனால் மொத்த இடைவெளியே 0.021 இருக்கும்போது, அதே அளவுக்குத் தானே தவறக்கூடிய கருவியை நம்பி ஒரு பீஸை ஓகே செய்ய முடியாது. போர் டயல் கேஜ் வேண்டும், அதை ரிங் கேஜில் ஜீரோ வைக்கத் தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கில் ஓடும் பீஸ் என்றால் கோ, நோ-கோ பிளக் கேஜ்.

கடைசியில் பார்த்தால் போர் டயல் கேஜை அவன் லேபில் தொட்டிருக்கிறான். ஸ்லிப் கேஜ் அடுக்கி மைக்ரோமீட்டரைச் சரிபார்த்திருக்கிறான். அதையெல்லாம் 'சின்ன விஷயம்' என்று விட்டுவிட்டு, கண்ணால் மட்டும் பார்த்த சிஎம்எம்மைப் போட்டிருக்கிறான். எனக்கு வேண்டியது அந்தச் சின்ன விஷயம்தான்.

சோதனை இப்படி. நீங்கள் எழுதிய ஒவ்வொரு திறமைக்கும் பக்கத்தில், 'எதை, எப்போது, எத்தனை முறை' என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை அடித்துவிடுங்கள். மூன்று மிஞ்சினாலும் போதும். தெரியாத ஒன்றை 'கற்க விரும்புகிறேன்' என்று தனி வரியில் போடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, இணைப்பு திறக்கவில்லை. ரெஸ்யூமேயை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுத்திருப்பீர்கள். பகிரும் பெட்டியில் `General access` என்பதன் கீழே `Restricted` என்று இருந்தால், திறப்பவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. அதை `Anyone with the link` என்று மாற்றி, பக்கத்தில் `Viewer` என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே இணைப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, உங்களுக்கு எப்போதும் திறக்கும்.

எல்லாவற்றையும் அடித்த பிறகு எதுவுமே மிஞ்சவில்லை என்றால், பதிவைத் திருத்திப் பயனில்லை. இதுதான் அதிகம் செலவாகும் காரணம், ஆனால் பணச் செலவு இல்லை. லேப் அசிஸ்டன்டிடம் கேட்டு இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் கருவிகளோடு உட்காருங்கள். அவர்தான் இந்த இடத்தில் நிபுணர், பெரும்பாலான கல்லூரிகளில் அவரிடம் யாரும் கேட்பதே இல்லை. பதிவு அதற்கப்புறம் போகட்டும்.

## அறிகுறி 3: தேதி, காலம் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது

'உடனே சேரத் தயார்' என்று எழுதிவிட்டு, கூப்பிட்டால் "சார், எக்ஸாம் முடிஞ்சதும் வரேன்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'கோடை விடுமுறையில்' என்பதும் உதவாது. தொழிற்சாலைக்குக் கோடை விடுமுறை கிடையாது, உங்கள் கல்லூரி எப்போது மூடுகிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

எளிய திருத்தம், இரண்டு தேதிகள். தொடங்கும் நாள், முடியும் நாள். கடைசித் தேர்வுக்கும் தொடங்கும் நாளுக்கும் நடுவில் நான்கைந்து நாள் விடுங்கள், தேர்வு தள்ளிப்போவது நடக்கிற கதைதான். வாரத்துக்கு எத்தனை நாள் வருவீர்கள் என்பதையும் சேருங்கள். கோவை யூனிட்டுகள் பலவற்றில் சனிக்கிழமையும் வேலை நாள். தங்குமிடம் வேண்டுமா, சொந்தமாகப் பார்த்துக்கொள்வீர்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வெளியூர்ப் பையன் என்றதும் எச்ஆர் முதலில் யோசிப்பது அதைத்தான்.

அடுத்தது, கால அளவு வேலைக்குப் பொருந்துகிறதா. முதல் சில நாள் பாதுகாப்பு விதிகள், ஷூ, கேட் பாஸ், மெஷின்களின் பெயர் என்று போய்விடும். இரண்டு வாரம் மட்டும் இருக்கும் மாணவனுக்கு நான் தனியாக ஒரு வேலையும் ஒப்படைக்க மாட்டேன், கூடவே நின்று பார்க்கச் சொல்வேன். நான்கு வாரம் என்றால் ஒரே ஒரு பாகத்தின் ரிஜெக்‌ஷனை எடுத்து, எந்த அளவில் தவறுகிறது என்று தினமும் குறிக்கச் சொல்லலாம். முடிவில் அவனிடம் ஒரு ரிப்போர்ட் இருக்கும், எனக்கும் அது உதவும். கல்லூரி எத்தனை வாரம் கேட்கிறது என்பதைத் துறைச் சுற்றறிக்கையில் பார்த்துவிட்டு, அதற்குக் குறையாமல் போடுங்கள்.

கடைசிக் காரணம், பெயர்க் குழப்பம். ஒரு பெண் 'அப்ரென்டிஸ் பயிற்சி தேவை' என்று எழுதியிருந்தாள். வந்த பதில் எல்லாம் "அரசின் அப்ரென்டிஸ் தளமான நாட்ஸில் பதிவு செய்திருக்கிறீர்களா, டிகிரி கையில் இருக்கிறதா" என்று இருந்தது. அப்ரென்டிஸ் என்பது 1961ஆம் ஆண்டு சட்டத்தின்படி நடப்பது, பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் வழக்கமாக ஒரு வருடம். படித்துக்கொண்டிருப்பவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. இன்னொரு பக்கம், 'இன்-பிளான்ட் டிரெயினிங்' என்று எழுதினால் சில நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு வேண்டியது இன்டர்ன்ஷிப் என்றால் அந்தச் சொல்லையே வாரக் கணக்கோடு எழுதுங்கள். 'கல்லூரியிலிருந்து போனஃபைட், அனுமதிக் கடிதம் தருவேன்' என்பதும் இருந்தால் எச்ஆரின் அடுத்த கேள்வியும் முடிந்தது.

## அறிகுறி 4: பதில் குவிகிறது, எல்லாரும் பணம் கேட்கிறார்கள்

பதிவு போட்ட அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் போஸ்டரோடு வருவார்கள். 'சான்றிதழ் உறுதி', 'எந்தத் துறைக்கும்', 'பதிவுக் கட்டணம் மட்டும்'. உங்கள் பதிவில் 'எந்தப் பிரிவும் சரி', 'சான்றிதழ் வேண்டும்', பொதுவில் போன் நம்பர் மூன்றும் சேர்ந்தால் இவர்களுக்கு அதுதான் அழைப்பிதழ்.

'சான்றிதழ்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நேர்மையான இடத்தில் நான்கு வாரம் வேலை பார்த்தால் கேட்காமலே லெட்டர்ஹெட்டில் கடிதம் தருவார்கள். பிரிவையும் ஊரையும் குறிப்பாகப் போட்டால் இந்தக் கூட்டம் தானாகவே குறையும். ஒருவர் உண்மையா என்று தெரிய இரண்டு கேள்வி போதும்: "எந்த பிளான்ட்டில், யாருக்குக் கீழே வேலை?" "முதல் நாள் நேரில் வந்து பார்க்கலாமா?" கட்டணப் பயிற்சி மையத்துக்கு முதல் கேள்விக்கு விடை இருக்காது. அது பயிற்சி வகுப்பு என்று தெரிந்தே சேர்வது உங்கள் விருப்பம், ஆனால் அது இன்டர்ன்ஷிப் அல்ல.

ஏற்கனவே பணம் அனுப்பி ஏமாந்துவிட்டீர்கள் என்றால் பதிவைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் மணிக்கணக்கு முக்கியம். வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு நாள் தள்ளிய பையனை எனக்குத் தெரியும்.

## அறிகுறி 5: "கூப்பிட்டேன், கிடைக்கவில்லை" என்று யாரோ சொல்கிறார்கள்

இது காதில் விழுந்தால் நல்ல செய்தி. மற்றதெல்லாம் சரியாகிவிட்டது, வாசல் மட்டும் பூட்டியிருக்கிறது.

லிங்க்ட்இன்னில் 'டிஎம் செய்யவும்' என்பது பலருக்கு முடியாத காரியம். இலவசக் கணக்கில் இருப்பவர், தொடர்பில் இல்லாத உங்களுக்குப் பொதுவாகச் செய்தி அனுப்ப முடியாது. கனெக்‌ஷன் கேட்டு, நீங்கள் ஏற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுத்தாகவே பதிவில் போடுங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க, பதிவிலிருந்தே அதை காப்பி செய்து நண்பனின் கணக்கிலிருந்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகத் தொடங்கிய முகவரியாக இருந்தால் பெயரும் இனிஷியலும் வைத்துப் புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள்.

போன் நம்பரைப் பொதுப் பதிவில் போடாமல் ரெஸ்யூமேயில் மட்டும் வைப்பது என் வழக்கம். மூடிய முன்னாள் மாணவர் குழுவில் போடலாம். எங்கே போட்டாலும், கூப்பிட வேண்டிய நேரத்தைச் சேருங்கள். எச்ஆர் கூப்பிடுவது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் நம் பிள்ளைகளின் போன் ஹாஸ்டல் அறையில் சுவிட்ச் ஆஃப் ஆகிக் கிடக்கும், பல கல்லூரிகளில் வகுப்புக்குள் போனுக்கு அனுமதி இல்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பையனுக்குப் போய்விடுவார். மாலையில் லேண்ட்லைன் நம்பரில் ஒரு மிஸ்டு கால் இருந்தால், விளம்பரம் என்று தள்ளாமல் திருப்பிக் கூப்பிடுங்கள்.

## திருத்தி முடித்த பதிவு

தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதியது:

> கோவையில் மெஷினிங் நிறுவனத்தில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் இன்டர்ன்ஷிப் தேடுகிறேன். மே 26 முதல் ஜூன் 21 வரை, 4 வாரம், திங்கள் முதல் சனி வரை நேரில் வருவேன்.
>
> பி.இ. மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு. வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் டயல் கேஜ் வைத்து அளக்கத் தெரியும். லேபில் ஒரு புஷ்ஷின் 20 பீஸ்களை அளந்து, எக்செல்லில் பதிந்து, டாலரன்ஸ் தாண்டியவற்றைப் பிரித்தேன். அந்தத் தாள் ரெஸ்யூமேயோடு இருக்கிறது. டிராயிங் படிப்பேன். சிஎம்எம் இயக்கத் தெரியாது, கற்க விருப்பம்.
>
> காந்திபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வேன். கல்லூரி போனஃபைட், அனுமதிக் கடிதம் தருவேன்.
>
> தொடர்புக்கு: மின்னஞ்சல் முகவரி. ரெஸ்யூமே: இணைப்பு. போனில் பேச மாலை 4.30க்கு மேல், நம்பர் ரெஸ்யூமேயில்.

அந்த 20 பீஸ் வேலை பதிவுக்காகச் செய்தது அல்ல என்று சொன்னால் பொய். 25 H7 கேள்விக்கு அடுத்த வாரம் லேபில் உட்கார்ந்து செய்தான், ஒரு மதியம் ஆனது. 'சிஎம்எம் தெரியாது' என்பதைப் போடத் தயங்கினான். "தெரியாதுன்னு நாமளே சொல்லணுமாண்ணா?" நான்தான் போடச் சொன்னேன். அந்த ஒரு வரியால்தான் மேலே உள்ள மூன்றையும் நம்பத் தோன்றுகிறது.

## எப்போது பதிவை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது

இப்படித் திருத்திய பதிவு சரியான ஆட்களிடம் போய் இரண்டு வாரமாகியும் ஒரு அழைப்புகூட இல்லை என்றால், இன்னும் சொற்களை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். துறையின் இன்டர்ன்ஷிப் பொறுப்பாசிரியரையோ பிளேஸ்மென்ட் அலுவலரையோ நேரில் பாருங்கள். போன வருடம் சீனியர்களை எடுத்த கம்பெனிகளின் பட்டியல் அவர்களிடம் இருக்கும். பெரிய கம்பெனிகள் சில, தனி மாணவரின் மெயிலைப் பார்ப்பதே இல்லை, கல்லூரிக் கடிதம் வழியாகத்தான் எடுக்கும். போகும்போது இந்தப் பதிவை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். "சார், ஏதாவது இன்டர்ன்ஷிப் இருக்கா" என்று போய் நிற்பவனுக்கு அவரும் "பார்க்கலாம்பா" என்றுதான் சொல்வார். தேதி நெருங்கி பத்து நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.

இடம் கிடைத்ததும் பழைய பதிவை எடிட் செய்து, முதல் வரியில் 'இடம் கிடைத்துவிட்டது' என்று போட்டு, தொடர்பு வரியையும் ரெஸ்யூமே இணைப்பையும் நீக்கிவிடுங்கள். தம்பி அதை மறந்துவிட்டான். ஜூலையில் கல்லூரி திறந்த பிறகும் அவனுக்கு "பதிவுக் கட்டணம் மட்டும்" வந்துகொண்டிருந்தது.